திருச்சி வழியா, புதுக்கோட்டை வழியா?

வருஷம் பிறந்ததும் கடைகளில் கொடுக்கும் டைரியின் கடைசிப் பக்கங்களில், ராகு காலத்துக்கும் தபால் கட்டணத்துக்கும் நடுவே, படிக்கட்டு மாதிரி ஒரு பட்டியல் இருக்கும். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஊர்ப் பெயர்கள். அதே பெயர்கள் படிக்கட்டின் விளிம்பிலும் வரும். இரண்டு ஊரும் சந்திக்கிற கட்டத்தில் கிலோமீட்டர். சின்ன வயதில் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம்: இத்தனை எண்ணையும் யார் அளந்தார்கள்? முப்பது ஊர் இருந்தால் 435 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருவர் ஜீப்பில் ஏறிப் போய் மீட்டர் பார்த்திருப்பாரா?

பார்த்திருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த ஊர்களுக்கு நடுவே உள்ள சாலையின் நீளம் மட்டும் தெரிந்தால் போதும். மற்ற எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்தில், கூட்டல் மட்டும் தெரிந்த ஒருவர் நிரப்பிவிடலாம். எந்த ஜோடிக்கும் மிகக் குறைந்த தூரம் எதுவோ அதுவே வரும். கணினிப் பாடத்தில் இந்த முறைக்கு ஃப்ளாய்டு–வார்ஷல் அல்காரிதம் என்று பெயர். கல்லூரியில் படித்தவர்கள் மூன்று ‘ஃபார்’ வரிகளாக அதை மனப்பாடம் செய்திருப்பார்கள். பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கையால் போட்டால்தான் அது பிடிபடும்.

ஆறு ஊர் எடுத்துக்கொள்வோம். டைரியில் வருவதுபோல அகர வரிசையில்: கும்பகோணம், தஞ்சாவூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை. இவற்றுக்கு நடுவே நேரடியாகப் போகும் எட்டுச் சாலைகளை மட்டும் குறித்துக்கொள்கிறேன். தூரங்களை ஐந்தால் வகுபடும்படி உத்தேசமாக்கியிருக்கிறேன். கணக்குக்கு இது போதும், பெட்ரோல் போட இதை நம்ப வேண்டாம்.

| | தஞ்சாவூர் | திண்டுக்கல் | திருச்சி | புதுக்கோட்டை | மதுரை |
|---|---|---|---|---|---|
| கும்பகோணம் | 40 | – | – | – | – |
| தஞ்சாவூர் | | – | 60 | 60 | – |
| திண்டுக்கல் | | | 100 | – | 65 |
| திருச்சி | | | | 55 | 135 |
| புதுக்கோட்டை | | | | | 110 |

மொத்தம் பதினைந்து கட்டம். எட்டில் எண் இருக்கிறது, ஏழு காலி. காலிக் கட்டத்துக்கு ‘இதுவரை வழி தெரியாது’ என்று அர்த்தம். கணக்கில் அதை முடிவிலி என்று வைத்துக்கொள்வார்கள், அதாவது எந்தத் தூரத்தைவிடவும் பெரிய தூரம்.

செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. ஆறு ஊரையும் ஒவ்வொன்றாக எடுத்து, ‘நடுவில் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு போகலாம்’ என்று அனுமதி கொடுக்கிறோம். ஓர் ஊருக்கு அனுமதி கொடுத்ததும், மற்ற ஐந்து ஊர்களின் பத்து ஜோடியிடமும் ஒரே கேள்வி: ‘இந்த ஊர் வழியாகப் போனால் உனக்கு லாபமா?’ லாபம் என்றால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதவேண்டும். இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். இப்படிக் கேட்டுக் குறைப்பதைத்தான் கணினிக்காரர்கள் ‘ரிலாக்ஸ்’ பண்ணுவது என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ ஓய்வெடுப்பது போல இருக்கிறது. நடப்பது என்னவோ பேரம்தான்: இருக்கிற விலையைவிடக் குறைவாக வருமா என்று கேட்டுக்கொண்டே இருப்பது.

முதலில் கும்பகோணம். நம் பட்டியலில் அங்கிருந்து வெளியே போக ஒரே சாலைதான், தஞ்சாவூருக்கு. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கிற ஊர் யாருக்கும் குறுக்கு வழியாக முடியாது. ஒன்றும் மாறவில்லை.

அடுத்து தஞ்சாவூர். கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு இதுவரை காலி. இப்போது தஞ்சாவூர் வழியாக 40 + 60 = 100. எழுதிக்கொள்கிறோம். கும்பகோணம்–புதுக்கோட்டையும் காலி, அதுவும் 40 + 60 = 100. திருச்சி–புதுக்கோட்டை ஏற்கெனவே 55, தஞ்சாவூர் வழியாகச் சுற்றினால் 120. லாபமில்லை.

திண்டுக்கல்லுக்கு அனுமதி கொடுத்தால் திருச்சி–மதுரை மட்டும் கொஞ்சம் யோசிக்கும். 100 + 65 = 165. நேர் வழியே 135 என்பதால் வேண்டாம் என்றுவிடும்.

இப்போது திருச்சி. இங்கேதான் பட்டியல் சட்டென்று நிரம்புகிறது. கும்பகோணம்–திண்டுக்கல் 100 + 100 = 200. கும்பகோணம்–மதுரை 100 + 135 = 235. தஞ்சாவூர்–திண்டுக்கல் 60 + 100 = 160. தஞ்சாவூர்–மதுரை 60 + 135 = 195. திண்டுக்கல்–புதுக்கோட்டை 100 + 55 = 155. மிச்சமிருந்த ஐந்து காலியும் ஒரே சுற்றில் தீர்ந்தன. வெளியூர் போகிறவர்கள் ‘எதுக்கும் திருச்சி போய் மாறிக்கலாம்’ என்று சொல்வது இந்தச் சுற்றைத்தான்.

கும்பகோணம்–திண்டுக்கல் 200 எப்படி வந்தது என்று கொஞ்சம் நின்று பாருங்கள். உண்மையில் அந்த வழி கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல் என்று மூன்று சாலை. நாம் மூன்று எண்ணைக் கூட்டவே இல்லை, இரண்டைத்தான் கூட்டினோம். தஞ்சாவூர் சுற்றில் எழுதிவைத்த 100 இங்கே ஒரே சாலை போல நடந்துகொள்கிறது. அதற்குள் தஞ்சாவூர் ஒளிந்திருப்பது திருச்சிக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

பட்டியல் முழுக்க நிரம்பிவிட்டதே, நிறுத்திவிடலாமா? பலரும் இங்கே நிறுத்தத்தான் நினைப்பார்கள். நிறுத்தினால் தப்பு. நிரம்பியது என்றால் ஏதோ ஒரு வழி கிடைத்தது என்று மட்டும்தான் அர்த்தம், நல்ல வழி என்று அர்த்தமில்லை. புதுக்கோட்டைக்கு அனுமதி கொடுத்துப் பாருங்கள். தஞ்சாவூர்–மதுரை இப்போது 60 + 110 = 170. பழைய 195 போயிற்று. கும்பகோணம்–மதுரை 100 + 110 = 210. பழைய 235 போயிற்று. இரண்டு ஜோடிக்கும் 25 கிலோமீட்டர் மிச்சம்.

கடைசியில் மதுரை. திண்டுக்கல்–புதுக்கோட்டை மதுரை வழியாகப் போனால் 65 + 110 = 175, கையில் இருப்பதோ 155. லாபமில்லை. மற்ற ஜோடிகளுக்கும் இல்லை. வேலை முடிந்தது. ஆறு சுற்று, சுற்றுக்குப் பத்துக் கேள்வி, மொத்தம் அறுபது கேள்வி. ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் போட்டுவிடலாம்.

இனி கேட்கவேண்டிய கேள்வி: இந்த எண்கள்தான் மிகக் குறைந்தவை என்று என்ன உத்தரவாதம்? ஒவ்வோர் ஊரையும் ஒரே ஒரு தடவைதானே நடுவில் வைத்துப் பார்த்தோம்? தஞ்சாவூரின் முறை இரண்டாவதாகவே முடிந்துவிட்டது. பிறகு புதுக்கோட்டை வந்து எண்களைக் குறைத்தபோது, திரும்பப் போய்த் தஞ்சாவூரிடம் கேட்கவேண்டாமா?

வேண்டாம். காரணம் எளிமையானது. திருச்சி சுற்று முடிந்த கணத்தில் பட்டியல் என்ன சொல்கிறது? ‘கும்பகோணம், தஞ்சாவூர், திண்டுக்கல், திருச்சி இந்த நான்கை மட்டும் நடுவில் தொடலாம் என்றால், ஒவ்வொரு ஜோடிக்கும் இதுதான் மிகக் குறைந்த தூரம்’ என்கிறது. இப்போது ஐந்தாவதாகப் புதுக்கோட்டையையும் தொடலாம் என்கிறோம். ஏதாவது இரண்டு ஊருக்கு நடுவே உள்ள மிகச் சிறந்த வழியை நினைத்துக்கொள்ளுங்கள். அது புதுக்கோட்டையைத் தொடாது என்றால், அதன் தூரம் ஏற்கெனவே கட்டத்தில் இருக்கிறது. தொடும் என்றால், ஒரே ஒரு தடவைதான் தொடும். இரண்டு தடவை புதுக்கோட்டைக்கு வருகிறவன் நடுவில் வீணாக ஒரு வட்டம் அடித்திருக்கிறான், அந்த வட்டத்தை வெட்டி எறிந்தால் தூரம் கூடப் போவதில்லை. ஆக, அந்த வழியைப் புதுக்கோட்டையில் இரண்டு துண்டாக வெட்டலாம். முன்துண்டும் பின்துண்டும் நடுவில் தொடுகிற ஊர்கள் முதல் நான்குக்குள்தான் இருக்கும். அப்படிப்பட்ட துண்டுகளின் மிகக் குறைந்த தூரம் இரண்டுமே பட்டியலில் தயாராக இருக்கின்றன. இரண்டையும் கூட்டிப் பழைய எண்ணோடு ஒப்பிட்டால் தீர்ந்தது. மூன்றாவது வழி என்று ஒன்று கிடையாது.

இதே வாதம் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை படிப்படியாக ஏறும். கடைசியில் எல்லா ஊருக்கும் அனுமதி உண்டு என்கிறபோது, பட்டியலில் இருப்பது நிபந்தனையே இல்லாத மிகக் குறைந்த தூரம்.

ஊர்களை எந்த வரிசையில் எடுத்தாலும் இதனால்தான் விடை மாறாது. புதுக்கோட்டையை முதலில் எடுத்து, பிறகு தஞ்சாவூரை எடுத்துப் பாருங்கள். முதல் சுற்றிலேயே தஞ்சாவூர்–மதுரை 170 ஆகிவிடும். அடுத்த சுற்றில் கும்பகோணம்–மதுரை 40 + 170 = 210. முன்னே பார்த்த கணக்கில் துணி புதுக்கோட்டையில் தைக்கப்பட்டது, இங்கே தஞ்சாவூரில். சட்டை ஒன்றுதான்.

கணினியில் இது இவ்வளவுதான். `d` என்பது பட்டியல், `n` ஊர்களின் எண்ணிக்கை, `k` நடு ஊர்.

```python
for k in range(n):
    for i in range(n):
        for j in range(n):
            if d[i][k] + d[k][j] < d[i][j]:
                d[i][j] = d[i][k] + d[k][j]
```

இந்த ஐந்து வரியில் ஒரு பொறி இருக்கிறது. அதில் நான் விழுந்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பார்சல் ஆபீசுக்கு இந்தத் தூரப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். வாடகை கிலோமீட்டர் கணக்கில் என்பதால் எல்லா ஜோடிக்கும் தூரம் வேண்டும். ‘முதலில் ஜோடியை எடுப்போம், பிறகு நடு ஊர்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்’ என்று எனக்குத் தோன்றியது. கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். எனவே `k` வரியை உள்ளே வைத்து, `i`, `j` வரிகளை வெளியே வைத்தேன். ஓடியது. பட்டியல் நிரம்பியது. இரண்டு மூன்று ஜோடியைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அங்கிருந்த புக்கிங் கிளார்க் போன் செய்தார். ‘தம்பி, கும்பகோணத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் ரோடே கெடையாதாமே? ஒங்க மிஷின் சொல்லுது.’

அவர் பட்டியலில் இன்னும் நிறைய ஊர் இருந்தது. ஆனால் நம் ஆறு ஊர்ப் பட்டியலிலேயே அதே கோளாறு, அதே ஜோடியில், அப்படியே வரும். போட்டுப் பாருங்கள். அகர வரிசையில் முதல் ஊர் கும்பகோணம். அதன் ஜோடிகளில் தஞ்சாவூர் முடிந்ததும் திண்டுக்கல் வருகிறது. நடு ஊர்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். தஞ்சாவூர் வழியா? தஞ்சாவூர்–திண்டுக்கல் கட்டம் இன்னும் காலி. திருச்சி வழியா? கும்பகோணம்–திருச்சி இன்னும் காலி, அந்த ஜோடியின் முறை இதற்கு அப்புறம்தான். புதுக்கோட்டை, மதுரை இரண்டுக்கும் அதே கதி. ஆக ‘வழியில்லை’ என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பின்னால் தேவையான துண்டுகள் எல்லாம் வந்து சேரும்போது இந்த ஜோடியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. திண்டுக்கல்லிலிருந்து கும்பகோணம் என்று எதிர்த் திசையில் கேட்டாலும் அதே முடிவுதான்.

இதில் விஷமம் என்னவென்றால், மற்ற பதினான்கு ஜோடிக்கும் விடை சரியாக வரும். நான் சரிபார்த்த கும்பகோணம்–மதுரை 210கூடச் சரி. அதனால்தான் இரண்டு மூன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது இங்கே உதவாது. நம்பத் தகுந்த சோதனை ஒன்று உண்டு: முடிந்த பட்டியலை அப்படியே உள்ளே கொடுத்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். சரியான பட்டியல் என்றால் ஓர் எண்கூட அசையாது. ஏதாவது ஒன்று குறைந்தால் முதல் ஓட்டம் தப்பு. என் தவறான நிரலை இரண்டாம் முறை ஓட்டினால் கும்பகோணம்–திண்டுக்கல் கட்டத்தில் 200 வந்து உட்காரும்.

இந்தத் தவறு எவ்வளவு சகஜம் என்றால், அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே இருக்கிறது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூவர், `k`-யைக் கடைசியில் வைத்த தவறான நிரலை மூன்று முறை ஓட்டினால் எந்த வலையிலும் சரியான விடை வந்துவிடும் என்று நிரூபித்தார்கள். `k`-யை நடுவில் வைத்திருந்தால் இரண்டு முறை போதும். வரிசை ஞாபகம் வராதவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனாலும் மூன்று மடங்கு வேலை வாங்குவதைவிட, ‘அனுமதி கொடுக்கிற ஊர் வெளியே’ என்று ஞாபகம் வைத்துக்கொள்வது மலிவு.

இன்னொரு பொறி முடிவிலியில். கணினிக்கு முடிவிலி தெரியாது, ஏதாவது ஒரு பெரிய எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். ஜாவாவில் எழுதுகிறவர்கள் `int` கொள்ளும் ஆகப் பெரிய எண்ணான 2147483647-ஐக் கொடுத்துவிடுவார்கள். அதோடு 40 கிலோமீட்டரைக் கூட்டினால் மீட்டர் சுற்றி மறுபக்கம் வந்து மைனஸ் 2147483609 என்று நிற்கும். அதைவிடக் குறைந்த வழி ஏது? அந்த எண்ணையே நல்ல வழி என்று நம்பி, பட்டியல் முழுக்க மைனஸ் பரவும். நூறு கோடியை முடிவிலியாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, இரண்டு முடிவிலியைக் கூட்டினாலும் இருநூறு கோடிதான், உள்ளே அடங்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்களுக்கும் அந்தப் பொறி தெரிந்திருந்தது. அமெரிக்காவின் கணினிச் சங்கம் நடத்தும் மாத இதழில் அப்போதெல்லாம் அல்காரிதங்களுக்கு வரிசை எண் போட்டு வெளியிடுவார்கள். 1962 ஜூன் இதழில், 345ஆம் பக்கத்தில், 97ஆம் அல்காரிதமாக ராபர்ட் ஃப்ளாய்டு எழுதியது வந்தது. அல்கால் மொழியில் சில வரிகள், ஒரு பக்கத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான். நேர் இணைப்பு இல்லாத இடத்தில் பத்தின் பத்தாம் அடுக்கைப் போடச் சொல்கிறார். கூட்டுவதற்கு முன்பே ‘இந்த இரண்டும் முடிவிலிக்குக் கீழேதானே’ என்று கேட்டுக்கொள்கிறார். நடு ஊருக்கு அவர் வைத்த எழுத்து `k` இல்லை, `i`. அது வெளி வரியில் இருக்கிறது. பிற்காலத்துப் பாடநூல்கள் நடு ஊரை `k` ஆக்கிய பிறகுதான், அகர வரிசைப் பழக்கத்தில் `i, j, k` என்று எழுதி என்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம்.

ஃப்ளாய்டுக்கு அப்போது 26 வயது. முனைவர் பட்டம் எதுவும் வாங்காமலே பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானவர். 1978இல் டூரிங் விருது பெற்றார். தன் குறிப்பில் அவர் பெருமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கிறார்: இது ஸ்டீஃபன் வார்ஷலின் தேற்றத்தை அடிப்படையாகக் கொண்டது என்று. வார்ஷலின் கட்டுரை அதே ஆண்டு ஜனவரியில் வந்தது. அவருக்குத் தூரமே வேண்டியிருக்கவில்லை. போக முடியுமா, முடியாதா என்பது மட்டும்தான் அவர் கேள்வி. கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ஆம், இல்லை. ‘இங்கிருந்து நடு ஊருக்கு ஆம், நடு ஊரிலிருந்து அங்கே ஆம் என்றால், இங்கிருந்து அங்கேயும் ஆம்.’ அவர் இதை நிரூபித்தது பற்றி ஒரு கதை சொல்வார்கள். இந்த முறை சரிதான் என்று யார் முதலில் நிரூபிப்பது என்று அவரும் ஒரு சகாவும் ஒரு பாட்டில் ரம் பந்தயம் கட்டினார்களாம். வார்ஷல் இரவோடு இரவாக நிரூபணத்தோடு வந்து, ஜெயித்த பாட்டிலைத் தோற்றவரோடு பங்குபோட்டுக் குடித்தாராம். இருவருக்கும் முன்பே, 1959இல், பாரிசில் பெர்னார் ருவா பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் இதே முறையை எழுதிவிட்டார். பிரெஞ்சில் எழுதியதால் பெயர்ப் பட்டியலில் பல இடங்களில் விடுபட்டுப் போனார்.

தூரம் கிடைத்துவிட்டது, வழி எங்கே? கும்பகோணம்–மதுரை 210 என்று மட்டும் சொன்னால் டிரைவர் எந்தப் பக்கம் திரும்புவார்? இதற்கு அதே அளவில் இன்னொரு பட்டியல் வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு கட்டத்திலும் முழு வழியையும் எழுத வேண்டாம், ‘அடுத்து எந்த ஊர்’ என்று மட்டும் எழுதினால் சரி. புதுக்கோட்டை சுற்றில் கும்பகோணம்–மதுரை மாறியபோது, கும்பகோணத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போக அடுத்த ஊர் எதுவோ அதையே மதுரைக்கும் எழுதிக்கொள்கிறோம்: தஞ்சாவூர். படிக்கும்போது ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே போகலாம். கும்பகோணத்தில் நின்று மதுரை என்றால் ‘தஞ்சாவூர் போ’. தஞ்சாவூரில் நின்று மதுரை என்றால் ‘புதுக்கோட்டை போ’. அங்கே நின்று கேட்டால் ‘நேரே மதுரை’. பழைய நாளில் முச்சந்திக் கைகாட்டி மரங்கள் செய்த வேலை இதுதான். முழு வழியும் எந்தக் கைகாட்டிக்கும் தெரியாது.

கட்டத்தில் கிலோமீட்டர்தான் இருக்கவேண்டும் என்றில்லை. நேரம் போடலாம், டிக்கெட் விலை போடலாம். போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்றால் படிக்கட்டின் மறுபாதியையும் நிரப்பவேண்டும், அவ்வளவுதான். மைனஸ் எண்ணைக்கூடப் போடலாம். மின்சாரக் கார் ஒன்று வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறது. அதற்கு 14 யூனிட் செலவாகிறது, இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து 4 யூனிட் பேட்டரிக்குத் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும் சாலையின் செலவு மைனஸ் 4. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊர்களுக்கு வழி காண்பதில் பேர்பெற்ற டைக்ஸ்ட்ராவின் முறை இப்படி மைனஸ் வந்தால் தப்பான விடை தரக்கூடும். நம் முறைக்கு அதனால் கவலையில்லை.

ஆனால் ஓர் எல்லை உண்டு. ஏறி இறங்கினால் மொத்தச் செலவு 14 – 4 = 10. எந்தச் சுற்றுப் பயணமும் இப்படிப் பூஜ்யத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். தரவு எழுதியவர் மாற்றி எழுதி, ஏற்றம் 4, இறக்கம் மைனஸ் 14 என்று போட்டுவிட்டால், ஒரு தடவை மலையேறி இறங்கினால் 10 யூனிட் லாபம். பத்துத் தடவை ஏறி இறங்கினால் நூறு யூனிட். அப்போது ‘மிகக் குறைந்த செலவு’ என்ற கேள்விக்கே அர்த்தமில்லை, இன்னொரு வட்டம் அடித்தால் இன்னும் குறையும். ‘வட்டத்தை வெட்டி எறியலாம்’ என்று மேலே சொன்ன வாதம் இங்கே செல்லாது. இதைக் கண்டுபிடிக்க நம் பட்டியலிலேயே மணி கட்டியிருக்கிறது. ஓர் ஊரிலிருந்து அதே ஊருக்கு என்ற மூலைவிட்டக் கட்டங்களில் எல்லாம் முதலில் பூஜ்யம் போட்டிருப்போம். சுற்றுகள் ஓடும்போது வத்தலக்குண்டு–வத்தலக்குண்டு கட்டத்தில் மைனஸ் 10 என்று வந்தால், நிறுத்திவிட்டுத் தரவைப் போய்ப் பார்க்கவேண்டும். அதற்குமேல் வருகிற எந்த எண்ணையும் நம்பக்கூடாது.

இந்த முறை சின்ன வலைகளுக்குத்தான். கணினி ஆறு ஊருக்கு 6 × 6 × 6, அதாவது 216 தடவை ஒப்பிடும். தமிழ்நாட்டின் 38 மாவட்டத் தலைநகரங்களுக்கு 54,872 தடவை, கண் சிமிட்டுவதற்குள் முடியும். ஆயிரம் ஊர் என்றால் நூறு கோடி, அதுவும் பெரிய விஷயமில்லை. ஒரு பெருநகரத்தின் தெருமுனைகள் ஒரு லட்சம் என்று வையுங்கள். விநாடிக்கு நூறு கோடி ஒப்பிடுகிற கணினிக்கும் பதினோரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதற்கு முன்பே பட்டியலை வைக்க இடம் வேண்டும்: ஆயிரம் கோடிக் கட்டம், கட்டத்துக்கு நான்கு பைட் என்றாலும் 40 ஜிபி. அப்படிப்பட்ட இடத்தில், ஒருவர் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வழி கேட்டால் அந்த ஒரு ஜோடியை மட்டும் தேடித் தருகிற முறைகள்தான் சரி. எல்லா ஜோடியும் வேண்டும், ஊர்கள் சில நூறுதான் என்கிறபோது இந்த ஐந்து வரியைவிட எளிதாக எழுத எனக்குத் தெரிந்து வேறொன்றும் இல்லை.

வீட்டில் பழைய டைரி கிடந்தால் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கும்பகோணமும் மதுரையும் சந்திக்கிற கட்டத்தைப் பாருங்கள். 210க்குப் பக்கத்தில் இருந்தால், பட்டியல் போட்டவர் புதுக்கோட்டை வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார். 235க்குப் பக்கத்தில் இருந்தால், அவர் திருச்சியிலேயே இறங்கிவிட்டார்.